ஆதிப்புள்ளியைத் தொடாத கோடு

நௌஷினின் கைப்பையில் எப்போதும் ஒரு கண்ணாடி ஸ்கேல் இருக்கும். மரத்தாலான ஸ்கேலை வைத்துக் கோடு போட்டால் அதற்கு அடியில் இருக்கும் புள்ளிகள் மறைந்துபோகும், ஒரு பக்கம் மட்டுமே தெரியும் என்பார். கோட்டுக்கு இந்தப் பக்கம் எத்தனை புள்ளி, அந்தப் பக்கம் எத்தனை புள்ளி என்று பார்த்துத்தான் கோடு போட வேண்டும். இதைப் பதினோராம் வகுப்புக்கு அவர் ஒவ்வோர் ஆண்டும் சொல்லிக்கொடுப்பார். பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் மர ஸ்கேலோடுதான் வருவார்கள்.

கோட்டுச்சேரிப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் அவர் இயற்பியல் விரிவுரையாளர். வயது நாற்பத்திரண்டு. காரைக்காலிலேயே பிறந்தவர். வாப்பா காஜா மைதீனுக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை இருந்தது. பி.எஸ்சி முடித்த கையோடு ரிஃபாயுடன் நிக்காஹ் ஆகி ஷார்ஜாவுக்குப் போனார். ஆறு ஆண்டுகள் அங்கே ஒரு ஃபிளாட்டின் எட்டாவது மாடியில் இருந்தார். அந்த நாட்களைப் பற்றி அவர் குறைசொல்லிக் கேட்டதில்லை. ஆனால் வாப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. எம்.எஸ்சி படித்தார், பி.எட் முடித்தார், தேர்வு எழுதி அரசு வேலை வாங்கினார். 

"மாப்பிள்ளதான் நல்லா சம்பாதிக்கிறாரே, ஒனக்கு எதுக்கும்மா பஸ்ஸுல இடிபட்டுக்கிட்டு?" என்று சொந்தத்தில் கேட்காதவர்கள் குறைவு.

உம்மா ஆஸியா பீவி மட்டும் கேட்கவில்லை. "அவ லேப்புக்குப் போயிட்டு வந்தா மொகம் தெளிவா இருக்கு. அது போதும்" என்று சொல்லிவிட்டார். ரிஃபாயும் அதையேதான் சொன்னார், போனில்.

ஆய்வகத்தில் நௌஷினுக்கு மிகவும் பிடித்த வேலை, மற்ற ஆசிரியர்கள் தலைவலி என்று தள்ளிப்போடும் வேலைதான். வகுப்பு முழுவதும் ஒரே சோதனையைச் செய்து வரைந்து தரும் வரைபடத்தாள்களை மேசையில் பரப்பி, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுத் திருத்துவது. ஒரே கருவி, ஒரே சோதனை. ஆனால் ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒருவன் புள்ளியை மிளகு அளவுக்கு வைப்பான். அது ஐந்து சின்னக் கட்டங்களை மூடிக்கொண்டு, எந்த இடத்தைச் சொல்ல வருகிறது என்றே தெரியாது. ஒருத்தி ஊசிமுனைப் புள்ளி வைத்து அதைச் சுற்றி அழகாக வட்டம் போட்டிருப்பாள். ஆனால் எக்ஸ் அச்சில் 'எடை' என்று எழுதிவிட்டு அது கிராமா கிலோவா என்று எழுத மறந்திருப்பாள். இன்னொருவன் அளவுத்திட்டத்தை மூன்று கிராமுக்கு ஒரு கட்டம் என்று எடுத்துவிட்டு, ஐம்பதைக் குறிக்க இடம் தேடித் திண்டாடியிருப்பான். பெயரைப் பார்க்காமலேயே இது யாருடைய தாள் என்று அவரால் சொல்ல முடியும்.

அந்த ஆண்டு பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு இரண்டு. ஏ பிரிவு நௌஷினுடையது. பி பிரிவு முருகானந்தம் சாருடையது. 

முருகானந்தம் ஐம்பதைத் தாண்டியவர். உள்ளூர்க்காரர், வயல் உண்டு. குறுவை அறுப்பு நாட்களில் கண்கள் சிவந்திருக்கும். ஆனாலும் முதல் மணிக்கு வகுப்பில் இருப்பார். பாடம் எடுத்தால் பின்வரிசைப் பையனுக்கும் புரியும். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சோதனைக்கும் நன்றாக வந்த ஒரு வரைபடத்தை எடுத்து ஆய்வகப் பலகையில் ஊசி குத்தி வைப்பார். அடியில் 'மாதிரி' என்று பச்சை மையில் எழுதுவார். அது அடுத்த ஆண்டு அந்தச் சோதனை வரும்வரை அங்கேயே இருக்கும். தன் வரைபடம் பலகை ஏறினால் பிள்ளைகளுக்குப் பெருமை.

செய்முறை மதிப்பெண்ணில் ஓரவஞ்சனை என்று பேச்சு வரக்கூடாது என்பதற்காக அந்த ஆண்டு இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஏ பிரிவின் தாள்களை முருகானந்தம் திருத்துவார்; பி பிரிவை நௌஷின் திருத்துவார். வரைபடத்துக்குப் பத்து மதிப்பெண். அச்சுகளின் பெயர், அலகு, அளவுத்திட்டத்துக்கு மூன்று. புள்ளிகள் சரியான இடத்தில் இருப்பதற்கு நான்கு. பொருந்தும் கோட்டுக்கு மூன்று. ஒப்பிடச் சுலபமாக இருக்கட்டும் என்று இரண்டு பிரிவுக்கும் ஒரே அளவுத்திட்டத்தைக் கொடுத்திருந்தார்கள்.

சோதனை, சுருள்வில்லின் விசை மாறிலியைக் காண்பது. ஸ்பிரிங்கைத் தாங்கியில் தொங்கவிட்டு, எடை எதுவும் இல்லாதபோது முள் ஸ்கேலில் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஐம்பது ஐம்பது கிராமாக எடையைக் கூட்டி, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நீண்டது என்று எழுத வேண்டும். எடையை எக்ஸ் அச்சிலும் நீட்சியை ஒய் அச்சிலும் குறித்துக் கோடு போட்டால் சாய்வு கிடைக்கும். அதிலிருந்து மாறிலி கிடைக்கும். ஆய்வகத்தில் நான்கு தாங்கிகள். மூன்றில் பழைய ஸ்பிரிங். நான்காவதில் மட்டும் அந்த ஆண்டு வந்த புதியது. முந்தைய ஆண்டு யாரோ இருந்த எடையையெல்லாம் ஒன்றாக மாட்டி அந்தத் தாங்கியின் ஸ்பிரிங்கைக் கம்பியாக்கிவிட்டிருந்தார்கள்.

ஒரு புதன்கிழமை திருத்திய தாள்கள் கைமாறின. தன் பிள்ளைகளின் தாள்களைப் புரட்டிக்கொண்டுவந்த நௌஷின் ஓரிடத்தில் நிறுத்தினார். 

அது தமிழ்மொழியின் தாள். மண்டபத்தூர்ப் பெண், வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். தாள் சுத்தமாக இருந்தது. அச்சுகளில் பெயரும் அலகும் சரி. ஆறு புள்ளிகள், ஒவ்வொன்றும் அட்டவணையில் உள்ள அளவுக்கு நேராகவே இருந்தன. கோடு புள்ளிகளுக்கு நடுவே நேர்த்தியாக ஓடியது. ஆனால் கீழே வரும்போது அது ஆதிப்புள்ளிக்குப் போகவில்லை. கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, எக்ஸ் அச்சை முப்பது கிராமில் வெட்டியது. அந்த இடத்தில் முருகானந்தம் சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'கோடு ஆதிப்புள்ளி வழியே செல்ல வேண்டும்' என்று எழுதியிருந்தார். கோட்டுக்கு மதிப்பெண் சுழி.

அதே குழுவில் இருந்த கீர்த்திகாவின் தாள் அடுத்து இருந்தது. பத்துக்குப் பத்து. ஓரத்தில் பச்சை மையில் 'பலகைக்கு' என்று ஒரு குறிப்பு. கோடு ஆதிப்புள்ளியில் தொடங்கி அம்பு விட்டதுபோல் மேலே போனது. கண்ணுக்கு அழகான தாள். மூன்றாவது, முகம்மது இப்ராஹிமுடையது. அவன் ஆதிப்புள்ளியில் தொடங்கிப் புள்ளிக்குப் புள்ளி ஸ்கேல் வைத்து இணைத்திருந்தான். கோடு முழங்கால் மடங்கியதுபோல் முதல் புள்ளியில் ஒடிந்து மேலே ஏறியது. அதற்கு ஏழு.

மூவரும் ஒரே தாங்கியில் ஒன்றாகச் சோதனை செய்தவர்கள். அளவுகள் ஒன்றேதான். ஐம்பது கிராமுக்கு நீட்சி 0.8 சென்டிமீட்டர் என்று மூன்று அட்டவணையிலும் இருந்தது. அப்படியானால் முதல் புள்ளி மூன்று தாளிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நௌஷின் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டங்களை எண்ணினார். தமிழ்மொழியிடம் பதினாறாவது சின்னக் கட்டத்தில் இருந்தது. இப்ராஹிமிடமும் அங்கேதான். கீர்த்திகாவிடம் முப்பத்துநான்காவதில் இருந்தது. அட்டவணையில் 0.8, தாளில் 1.7. புள்ளி கோட்டின்மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கடைசிப் புள்ளியும் கொஞ்சம் கீழே இறக்கப்பட்டிருந்தது.

பள்ளி விட்டுப் பஸ்ஸில் காரைக்காலுக்குத் திரும்பும்போது அவருக்கு அந்த முப்பது கிராம்தான் மனதில் ஓடியது. கீர்த்திகா புள்ளியை நகர்த்திவிட்டாள் என்பது தெளிவு. அதைவிடப் பெரிய கேள்வி வேறு. எடை சுழி என்றால் நீட்சியும் சுழி. இதை யார் மறுக்க முடியும்? முருகானந்தம் எழுதியது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். அப்படியென்றால் தமிழ்மொழி குழு தொடக்கத்தில் முள்ளைத் தப்பாகப் படித்திருக்க வேண்டும். தப்பாகப் படித்திருந்தால் எல்லாப் புள்ளியும் ஒரே அளவுக்கு இறங்கியிருக்கும். கோடு இப்படித்தான் தள்ளிப் போகும். அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்து, வீட்டில் மீன் ஆணத்தை அடுப்பில் ஏற்றினார். 

ஆணம் கொதிக்கும்போது இன்னொன்று நினைவுக்கு வந்தது. முருகானந்தத்தின் பி பிரிவுத் தாள்களைத் திருத்தியபோது மூன்று தாள்களில் நௌஷினே கோட்டுக்கு மதிப்பெண் குறைத்திருந்தார். கோடு ஆதிப்புள்ளி வழியாகத்தான் போனது. ஆனால் முதல் இரண்டு புள்ளிகள் கோட்டுக்குக் கீழேயும், கடைசி இரண்டு கோட்டுக்கு மேலேயும் கிடந்தன. புள்ளிகள் கோட்டின் இரு பக்கமும் கலந்து சிதறியிருந்தால் அது அளவெடுப்பதில் வந்த சின்னப் பிசகு. இப்படி ஒரு முனையில் எல்லாம் கீழே, மறுமுனையில் எல்லாம் மேலே என்றால் கோட்டின் சாய்வே தப்பு. 'பொருந்தவில்லை' என்று எழுதி இரண்டு மதிப்பெண் எடுத்துவிட்டிருந்தார். அவர்கள் எந்தத் தாங்கியில் செய்தார்கள் என்று அப்போது பார்க்கவில்லை.

"என்ன யோசன? ஆணம் அடிபிடிக்குது" என்றார் உம்மா.

"ஒண்ணுமில்லும்மா. நாலாவது தாங்கியா இருக்குமோன்னு பாத்தேன்."

உம்மாவுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பிரேயருக்கு முன்பே நௌஷின் ஆய்வகத்தைத் திறந்துவிட்டார். பி பிரிவின் தாள்கட்டிலிருந்து அந்த மூன்று தாள்களைத் தேடி எடுத்தார். மூன்றின் மேற்புறமும் 'தாங்கி 4' என்று எழுதியிருந்தது. தமிழ்மொழி குழுவின் தாள்களிலும் அதேதான். கிழக்கு ஜன்னலில் வெயில் அடித்தது. தமிழ்மொழியின் தாளைக் கண்ணாடியில் ஒட்டிப்பிடித்து, அதன்மேல் பி பிரிவுத் தாள் ஒன்றை வைத்து, அச்சோடு அச்சைச் சேர்த்தார். அளவுத்திட்டம் ஒன்றேதான் என்பதால் கட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. வெளிச்சம் இரண்டு தாளையும் ஊடுருவியது. 

புள்ளிகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. ஆறும். எங்காவது அரைக் கட்டம், ஒரு கட்டம் விலகல், அவ்வளவுதான். கோடுகள் மட்டும்தான் வேறு வேறாக இருந்தன.

அடுத்த தாளையும் வைத்துப் பார்த்தார். அதுவும் அப்படியே. இவர்கள் வேறு வகுப்பு, வேறு நாள், வேறு கைகள். தொடக்க அளவை எல்லாரும் சொல்லிவைத்ததுபோல் ஒரே அளவுக்குத் தப்பாகப் படித்திருக்க முடியாது. பிறகு பழைய ஸ்பிரிங்குகளின் தாள்களில் சிலவற்றை எடுத்துப் பார்த்தார். அவற்றில் கோடு யாரும் இழுக்காமலேயே ஆதிப்புள்ளிக்குப் போனது. பிழை பிள்ளைகளிடம் இல்லை. புது ஸ்பிரிங்கே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

முருகானந்தம் வந்ததும் அவர் கையில் தாள்களைக் கொடுத்தார்.

"சார், இத ஜன்னல்ல வச்சுப் பாருங்களேன்."

முருகானந்தம் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். "புள்ளி ஒண்ணாத்தான் விழுது" என்றார் மெதுவாக. "ஆனா மேடம், எடையே இல்லாம ஸ்பிரிங் எப்புடி நீளும்? சுழிக்குச் சுழிதான். ஹேங்கரோட எடையக் கணக்குல சேக்காம வுட்டுருப்பாங்க, ரெண்டு கிளாஸும்."

"அதையும் யோசிச்சேன் சார். ஹேங்கர வுட்டுருந்தா கோடு அந்தப் பக்கம்ல போயிருக்கும்? எடை சுழின்னு போட்ட எடத்துலயே நீட்சி வந்திருக்கும். ஒய் அச்ச மேல வெட்டும். இது எக்ஸ் அச்சுல, முப்பதுல வெட்டுது."

முருகானந்தம் விரலால் காற்றில் ஒரு கோடு போட்டுப் பார்த்தார். "ஆமா. நீங்க சொல்றது சரிதான்" என்றார். "அப்ப முப்பது கிராம் வரைக்கும் அது நீளவே இல்லன்னு அர்த்தமா?"

"கிராஃப் அப்புடித்தான் சொல்லுது."

"சாப்புடுற நேரத்துல பாத்துருவோம்."

மதிய இடைவேளையில் இருவரும் நான்காவது தாங்கிக்கு முன்னால் நின்றார்கள். உடனே ஒரு சிக்கல் வந்தது. எடைகளை மாட்டும் ஹேங்கரே ஐம்பது கிராம். அதற்குக் கீழே எதையும் தொங்கவிட வழியில்லை. ஐம்பதுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று இத்தனை ஆண்டுகளாக யாரும் பார்க்காததற்கும் அதுதான் காரணம். முருகானந்தம் வாசலுக்குப் போய், டீக்கடையிலிருந்து ஒரு பேப்பர் கப் வாங்கிவந்தார். நௌஷின் அதன் விளிம்பில் இரண்டு துளை போட்டு நூல் கட்டினார். கப்பைத் தராசில் நிறுத்தி, அதன் எடையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு தராசுப் பெட்டியிலிருந்த பித்தளை எடைக்கற்களை ஒவ்வொன்றாகக் கப்பில் வைத்தார்கள்.

பத்து கிராம். முள் அசையவில்லை.

இருபது. அசையவில்லை. முருகானந்தம் ஸ்பிரிங்கை விரலால் மெல்லச் சுண்டிவிட்டுப் பார்த்தார். ஆடி அதே இடத்தில் நின்றது.

முப்பதுக்கு அருகில் வந்தபோது முள் நகர்ந்ததா இல்லையா என்று இருவருக்கும் சந்தேகம். நாற்பதில் முள் நாலு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அப்புறம் ஒவ்வொரு பத்துக்கும் அதே நாலு மில்லிமீட்டர்.

முருகானந்தம் குனிந்து ஸ்பிரிங்கைப் பக்கத்திலிருந்து பார்த்தார். பிறகு அடுத்த தாங்கியின் பழைய ஸ்பிரிங்கைப் பார்த்தார். பழையதில் சுற்றுக்குச் சுற்று இடைவெளி இருந்தது. அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. புதியதில் ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டி, அழுத்தமாகக் கிடந்தது. 

"சுத்தும்போதே இறுக்கிச் சுத்திருக்கான்" என்றார். "ஒண்ண ஒண்ணு அமுக்கிக்கிட்டு இருக்குது. அந்த இறுக்கம் வுடுற வரைக்கும் நீளாது. வுட்டதுக்கு அப்புறம் ஒழுங்கா நீளுது. பழசெல்லாம் பசங்க இழுத்து இழுத்து எப்பவோ தளந்துபோச்சு."

"கோடு நேராத்தான் சார் போவுது. ஆனா தொடங்குற எடம்தான் வேற."

"ஆதிப்புள்ளிக்கு இழுத்தா சாய்வு கொறையும். மாறிலி எவ்வளவு மாறும்?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துப் பேப்பர் கப்பின் மேலேயே கணக்குப் போட்டார். தமிழ்மொழியின் கோட்டில் சென்டிமீட்டருக்கு இருபத்தைந்து கிராம் வந்தது. ஆதிப்புள்ளிக்கு இழுத்த கோட்டில் இருபத்தொன்பது. "அடேயப்பா" என்றார். "நான் சுழி போட்ட பொண்ணுதான் சரியா சொல்லியிருக்கு." 

அவர் முகத்தில் கோபம் இல்லை. வயலில் எதிர்பாராத இடத்தில் ஊற்று கண்டவர்போல இருந்தார். சாப்பாட்டுக் கேரியர் திறக்கப்படாமலேயே மணி அடித்தது. இருவரும் நின்றுகொண்டே அவருடைய புளிச்சோற்றைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

கடைசிப் பாடவேளையில் நௌஷின் மூன்று பிள்ளைகளையும் ஆய்வகத்துக்கு அழைத்தார். முருகானந்தமும் இருந்தார். மூன்று தாள்களும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. கீர்த்திகா பார்த்த மாத்திரத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கீர்த்திகா, ஒன்னோட முதல் புள்ளி எங்க இருக்கணும்?" என்று கேட்டார் நௌஷின். குரலை உயர்த்தவில்லை.

"பதினாறாவது கட்டத்துல மிஸ்."

"அப்புறம் ஏம்மா மேல வச்ச?"

"மொதல்ல சரியாத்தான் மிஸ் வச்சேன். கோடு போட்டா அது மட்டும் தனியா கீழ கெடந்துச்சு. நாங்கதான் தப்பா அளந்துட்டோம்னு நெனச்சு அழிச்சிட்டேன்." அவள் பலகையைக் காட்டினாள். "போர்டுல இருக்குறதுல எல்லாப் புள்ளியும் கோட்டு மேலயே இருக்கும் மிஸ்."

முருகானந்தம் பலகையைத் திரும்பிப் பார்த்தார். சென்ற ஆண்டின் மாதிரித் தாள் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. பழைய ஸ்பிரிங்கில் செய்தது. கோடு ஆதிப்புள்ளியில் தொடங்கியது.

"நீ ஏன் தமிழ்மொழி நகத்தல?" என்றார் நௌஷின்.

தமிழ்மொழி இரண்டு கையையும் கோத்துக்கொண்டாள். "ரெண்டு தடவ அளந்தோம் மிஸ். எடையக் கூட்டும்போதும் எட்டு மில்லி, கொறைக்கும்போதும் எட்டு மில்லி. அப்ப அது தப்பா இருக்காதுன்னு தோணுச்சு. கோட்ட ஆதிப்புள்ளிக்கு இழுத்தா மேல இருக்குற நாலு புள்ளியும் வெலகுது. அதான் அப்புடியே வுட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஏன் அப்புடி வருதுன்னு தெரியல மிஸ்" என்றாள்.

"எங்களுக்கும் மத்தியானம் வரைக்கும் தெரியல" என்றார் முருகானந்தம். இப்ராஹிமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாரே சிரித்ததைப் பார்த்ததும் அவன் தைரியமாக, "என்னோடது சார்?" என்றான்.

"நீ போட்டது கோடு இல்லடா, படிக்கட்டு. புள்ளியெல்லாம் சரி. அதுக்குப் பூரா மதிப்பெண். ஆனா புள்ளிக்குப் புள்ளி இணைக்கக் கூடாதுன்னு மேடம் எத்தன தடவ சொல்லியிருப்பாங்க? அளக்கும்போது கண்ணு, கை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பெசகும். அந்தப் பெசகையெல்லாம் நீ நெசம்னு எடுத்துக்கிட்டு வளைஞ்சு வளைஞ்சு போயிருக்க."

பேப்பர் கப்பை மறுபடியும் மாட்டி மூவரையும் எடைக்கற்களை வைக்கச் சொன்னார்கள். இருபது கிராமிலும் முள் அசையாமல் நின்றபோது கீர்த்திகா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நாற்பதில் அது இறங்கியதும் "ஐயோ" என்றாள். பிறகு வெகுநேரம் ஸ்பிரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், நான் திரும்ப வரைஞ்சு தரட்டுமா?"

"தா. ஆனா இந்தத் தாளுக்குப் புள்ளியில ரெண்டு மார்க் போயிடும். அளந்தது ஒண்ணு, வச்சது ஒண்ணுன்னா அதுக்கு மார்க் தர முடியாது. கோட்டுக்கும் கொறையும்."

கீர்த்திகாவின் கண்ணில் நீர் திரண்டது. வகுப்பில் முதல் மாணவி அவள். பத்துக்குப் பத்து என்று நேற்றே தெரிந்து வீட்டிலும் சொல்லியிருந்தாள். நௌஷின் அவள் தோளில் கைவைத்து, "அளந்ததுல ஒரு தப்பும் இல்லம்மா. மூணு பேருந்தான் ரெண்டு தடவ அளந்திருக்கீங்க. அத நம்பாம வுட்டதுதான் தப்பு" என்றார். அவள் தலையாட்டினாள். சமாதானம் ஆனாளா என்று அப்போது சொல்ல முடியவில்லை.

நான்காவது தாங்கியில் செய்த எல்லாருடைய தாள்களையும் இருவரும் உட்கார்ந்து மறுபடி திருத்தினார்கள். தமிழ்மொழிக்குப் பத்து. பி பிரிவில் அந்த மூவருக்கும் என்ன செய்வது என்பதில் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. தான் சொல்லிக்கொடுத்தபடிதான் ஆதிப்புள்ளிக்கு இழுத்தார்கள், அதற்கு அவர்கள் மதிப்பெண் இழப்பது நியாயமில்லை என்றார் முருகானந்தம். கோடு பொருந்தவில்லை என்பது உண்மைதானே என்றார் நௌஷின். கடைசியில், அவர்கள் புள்ளிகளை இடம் மாற்றாமல் வைத்ததால் மறுபடி கோடு போட ஒரு வாய்ப்பு தருவது என்று முடிவாயிற்று. கீர்த்திகாவுக்கும் அதே வாய்ப்பு; ஆனால் புள்ளிக்குப் போன இரண்டு போனதுதான்.

வெள்ளிக்கிழமை முருகானந்தம் இரண்டு பிரிவையும் ஆய்வகத்தில் ஒன்றாகக் கூட்டினார். ஜன்னலில் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்துக் காட்டினார். "கோடு ஆதிப்புள்ளி வழியா போகணும்னு நான் சொன்னேன். இந்த ஸ்பிரிங்குக்கு அது சரியில்ல. புள்ளி எங்க கூப்புடுதோ அங்கதான் கோடு போகணும். போகலன்னா ஏன்னு கேளுங்க, அழிக்காதீங்க" என்றார். யார் புள்ளியை நகர்த்தியது என்று அவர் சொல்லவில்லை. பழைய மாதிரித் தாளைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டுத் தமிழ்மொழியின் தாளைக் குத்தினார். அதில் தான் போட்ட சிவப்பு வட்டத்தை அவர் அழிக்கவில்லை. பக்கத்தில் 'என் திருத்தம் தவறு' என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தமிழ்மொழி பின்வரிசையில் இருந்தாள். பக்கத்துப் பெண் முழங்கையால் இடித்ததும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

திங்களன்று கீர்த்திகா புதிய தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆறு புள்ளிகளோடு நிற்காமல், பேப்பர் கப்பில் எடுத்த அளவுகளையும் குறித்திருந்தாள். பத்திலும் இருபதிலும் புள்ளிகள் எக்ஸ் அச்சின்மேலேயே படுத்திருந்தன. முப்பதுக்குப் பிறகு வரிசையாக எழுந்து மேலே போயின. கோட்டை முப்பதில் நிறுத்தி, அதற்கு இடப்பக்கம் அச்சோடு அச்சாகத் தனியாக ஒரு கோடு போட்டிருந்தாள். நௌஷின் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது யாரு சொல்லிக்குடுத்தது?"

"யாரும் இல்ல மிஸ். ரெண்டும் வேற வேற மாதிரி நடக்குது. ஒரே கோட்டுல அடங்காதுன்னு பட்டுச்சு." அவள் இப்போது நிமிர்ந்து நின்றாள்.

அன்று மாலை நௌஷின் ரிஃபாயிடம் போனில் பாதி நேரம் இதைத்தான் பேசினார். அவர் ஷார்ஜாவில் ஏ.சி. பழுதுபார்க்கும் நிறுவனத்தில் மேற்பார்வையாளர். ஸ்பிரிங் விஷயம் அவருக்கும் கொஞ்சம் தெரியும். "இறுக்கிச் சுத்துன ஸ்பிரிங்கு அப்புடித்தான் இருக்கும். என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?" என்றார்.

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். இவ்வளவு சந்தோஷமா இருந்திருக்காது" என்றார் நௌஷின்.

அதன்பிறகு ஆய்வகத்தில் ஒரு புதிய தொல்லை ஆரம்பமானது. அடுத்து வந்தது தனி ஊசல் சோதனை. நீளத்தை எக்ஸ் அச்சிலும் அலைவு நேரத்தின் இருமடியை ஒய் அச்சிலும் குறிக்க வேண்டும். ஒரு புள்ளி கோட்டை விட்டு நாலு கட்டம் விலகினாலும் போதும், பிள்ளைகள் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். யாரும் எதையும் அழிக்கவில்லை. "மிஸ், இதுவும் அந்த ஸ்பிரிங் மாதிரி ஏதாச்சும் இருக்குமா?" என்று கேட்டார்கள். நௌஷின் ஒவ்வொரு முறையும் எழுந்துபோய், ஊசலை ஆடவிட்டு, அவர்களோடு சேர்ந்து அலைவுகளை எண்ணினார். பெரும்பாலும் இருபதை எண்ணும்போது ஒன்றை விட்டிருந்தார்கள். அல்லது ஊசலை விட்ட கணத்தையே 'ஒன்று' என்று எண்ணியிருந்தார்கள். அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் எண்ணாமல் எப்படித் தெரியும்? 

இதில் பாடவேளை நீண்டது. நாலரை மணி பஸ் அடிக்கடி தவறியது. அடுத்த பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நிற்கும்போது, அன்று எண்ணிப் பார்த்த புள்ளிகளை மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தாளில் வைத்துக்கொண்டு, நௌஷின் நிம்மதியாக நின்றிருந்தார்.